கோத்தகிரித் துக்க வீட்டுக்குக் கையில் என்ன கொண்டு போவது?

கேள்வி: கூட வேலை பார்க்கும் நண்பனின் அப்பா புதன்கிழமை இறந்துவிட்டார். ஊர் கோத்தகிரி பக்கம். வியாழக்கிழமையே எடுத்துவிட்டார்கள், எங்களால் போக முடியவில்லை. ஞாயிறு அன்று கோவையிலிருந்து 15 பேர் வேனில் போகிறோம். 12,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. பொக்கே, பழக்கூடை, அவன் அம்மாவுக்கு ஒரு புடவை, அப்பா படத்தை ஃபிரேம் போட்டுத் தருவது என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். தமிழ் இந்துக் குடும்பம், கொஞ்சம் தேயிலை வைத்திருக்கிறார்கள். எது சரி, எது வேண்டாம்?

பதில்: பொக்கே வேண்டாம். புடவை கண்டிப்பாக வேண்டாம். படம், அவனைக் கேட்காமல் வேண்டாம். பழம் சரி, ஆனால் கூடையாக அலங்கரித்து வேண்டாம். உங்கள் பணத்தில் கொஞ்சத்தை அரிசி, பருப்பு, சர்க்கரை, பால் என்று வீட்டுச் செலவுக்கு மாற்றிவிட்டு மீதியை ரொக்கமாகக் கொடுங்கள்.

கடைக்குப் போவதற்கு முன் ஒரு போன் செய்து, காரியம் என்றைக்கு என்று கேளுங்கள். நண்பனிடம் வேண்டாம், அவன் தங்கை வீட்டுக்காரர், சித்தப்பா மாதிரி யாராவது முன்னால் நின்று பார்த்துக்கொள்பவரிடம் கேளுங்கள். புதன் இறந்தவருக்கு, இறந்த நாளையும் சேர்த்து எண்ணினால் 16-ஆம் நாள் அடுத்தடுத்த வாரம் வியாழக்கிழமை வரும். ஆனால் இப்போது எல்லோரும் 16 நாள் காத்திருப்பதில்லை. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ முடித்துவிடுவதும் உண்டு. நீங்கள் போகும் ஞாயிறுதான் ஐந்தாம் நாள். அன்றே காரியம் என்றால் நீங்கள் போய் இறங்குவது துக்கம் கேட்க அல்ல, காரியத்துக்கு. பந்தல், சாப்பாடு, மொய் நோட்டு எல்லாம் இருக்கும். அப்போது மளிகை எதையும் தூக்கிப் போகாதீர்கள், சமையல் ஏற்கெனவே பேசி முடிந்திருக்கும். மொத்தத்தையும் மொய்யில் எழுதிவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டு வருவதுதான் அழகு. இனி நான் சொல்வதெல்லாம் காரியம் 16-ஆம் நாள்தான் என்று வைத்துக்கொண்டு.

ஐந்தாம் நாள் வீடு எப்படி இருக்கும்? முன்கூடத்தில் படம், அதற்கு முன் ஒரு விளக்கு, சொம்பில் தண்ணீர். எடுத்த அன்று வந்த கூட்டம் போயிருக்கும். அக்கம்பக்கத்திலிருந்தும் சம்பந்தி வீட்டிலிருந்தும் முதல் இரண்டு மூன்று நாள் சோறு வந்துகொண்டிருந்திருக்கும், அதுவும் குறைந்திருக்கும். ஆனால் வீட்டில் தங்கியிருக்கும் நெருங்கிய சொந்தம் ஏழெட்டுப் பேர் காரியம் வரை இருப்பார்கள். உங்களைப் போல முதல் நாள் வர முடியாதவர்கள் ஒவ்வொரு நாளும் வந்து கேட்டுவிட்டுப் போவார்கள். வருகிறவர்களுக்கு மலையில் ஒரு வாய் சூடாக ஏதாவது கொடுக்காமல் அனுப்ப மாட்டார்கள். அதனால் அந்த வீட்டில் இப்போது ஓயாமல் நடக்கும் வேலை டீ போடுவது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தங்கியிருப்பவர்கள், வந்து போகிறவர்கள் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்குச் சராசரியாக 30 டம்ளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளருக்கு 60 மில்லி பால் என்றால் நாளைக்கு ஏறத்தாழ 2 லிட்டர். ஞாயிறு முதல் காரியம் வரை 12 நாள், 24 லிட்டர். லிட்டர் 60 ரூபாய் என்று போட்டாலும் 1,440 ரூபாய். பாலை நீங்கள் கோவையிலிருந்து தூக்கிப் போக முடியாது. அந்த வீட்டுக்குப் பால் எங்கே இருந்து வருகிறது என்று விசாரித்து, அந்தக் கடையிலோ பால்காரரிடமோ காரியம் வரைக்குமான கணக்கை முன்கூட்டியே கட்டிவிட்டு வந்துவிடுங்கள். என்னைக் கேட்டால் 15 பேர் சேர்ந்து தரக்கூடியதில் இதைவிட உருப்படியானது இல்லை. தினமும் காலையில் யார் கையிலிருந்து பால் காசு போகிறது என்ற சின்னச் சங்கடம், துக்க வீட்டில் நிஜமாகவே இருக்கும்.

சர்க்கரை, டம்ளருக்கு 10 கிராம் வைத்தால் 12 நாளைக்கு மூன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 5 கிலோ வாங்குங்கள். தேயிலைத்தூள் வாங்காதீர்கள். கோத்தகிரியில் தேயிலை வைத்திருக்கிற வீட்டுக்குக் கோவையிலிருந்து டீத்தூள் பாக்கெட்டா? அவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் நீங்கள் போனபிறகு யாராவது சிரிப்பார்கள். துக்க வீட்டில் அதுவும் ஒரு உபகாரம்தான் என்றால் சரி.

அரிசி 25 கிலோ சிப்பம் ஒன்று. எட்டுப் பேர் தங்கியிருக்கும் வீட்டில் ஆளுக்கு நாளைக்கு 250, 300 கிராம் என்றால் காரியத்துக்குள் அது தீர்ந்துவிடும், அதிகம் என்று நினைக்காதீர்கள். துக்க வீட்டுக்கு அரிசி மூட்டை போடுவது நம் பக்கம் புதிதல்ல, யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். துவரம்பருப்பு 3 கிலோ. ரஸ்க், பன், சாதாரண பிஸ்கட் கொஞ்சம், குழந்தைகளுக்கும் டீக்கும் ஆகும். இவற்றையும் கோத்தகிரி பஜாரிலேயே வாங்கலாம். வீடு ரோட்டிலிருந்து உள்ளே இறங்கியிருந்தால் மூட்டையைப் படியில் சுமக்க வேண்டியிருக்கும், கடைக்காரரிடம் சொன்னால் ஜீப்பிலோ ஆட்டோவிலோ கொண்டுபோய் இறக்கிவிடுவார். உங்களுக்கு முன்பே சாமான் போய்ச் சேர்ந்துவிட்டால் இன்னும் நல்லது. 15 பேர் வரிசையாக மூட்டையோடு நுழைவது பார்க்க நன்றாக இருக்காது.

இதெல்லாம் எவ்வளவு ஆகும்? அரிசி 1,400, பருப்பு 450, சர்க்கரை 250, ரஸ்க் பிஸ்கட் 300, பழம் 600, பால் கணக்கு 1,440. கடைக்குக் கடை கொஞ்சம் கூடக் குறைய இருக்கும், 4,500 ரூபாய்க்குள் முடியும். கையில் 7,500 நிற்கும். அதுதான் ரொக்கம். வேன் வாடகையை இதிலிருந்து எடுக்காதீர்கள், தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ரொக்கத்தை எதற்கு என்று சொல்லிக் கொடுத்தால் இன்னும் பயன்படும், தேயிலை வைத்திருக்கிற வீட்டில் குறிப்பாக. தேயிலைக்குத் துக்கம் தெரியாது. கொழுந்து 10, 15 நாளுக்கு ஒருமுறை எடுத்தே ஆக வேண்டும். ஒரு சுற்றுத் தவறினால் இலை முற்றிவிடும், முற்றிய இலைக்கு ஃபேக்டரியில் விலை குறைப்பார்கள், சில சமயம் வாங்கவே முகம் சுளிப்பார்கள். எடுத்த இலையை வீட்டில் வைத்திருக்கவும் முடியாது, அன்றைக்கே ஃபேக்டரிக்குப் போக வேண்டும். அப்பாதான் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றால், இந்த 16 நாளில் கட்டாயம் ஒரு சுற்று வரும். பங்காளிகள் முன்னால் நின்று ஆள் விட்டு எடுத்துத் தருவார்கள், ஆனால் ஆள் கூலி அன்றன்றைக்குக் கையில் கொடுக்க வேண்டும். அதனால் கவரைக் கொடுக்கும்போது சித்தப்பாவிடம் “கொழுந்து எடுக்கிற கூலிக்கு வேணும்னா இதை வச்சுக்கோங்க” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தோட்டக்கார வீடு என்று தெரிந்துகொண்டு வந்திருக்கிறார்கள் என்பது அவர்களுக்கு உடனே புரியும்.

கவர் விஷயம். கடையில் கிடைக்கும் மொய்க் கவர்கள் எல்லாம் கல்யாணத்துக்கானவை. பிள்ளையார் படம், வாழ்த்து வாசகம், மூலையில் ஒட்டிய ஒரு ரூபாய் நாணயம். அவசரத்தில் அதை வாங்கிக்கொண்டு போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சாதாரண வெள்ளை அல்லது பழுப்புக் கவர் போதும். 501, 1,001 என்று ஒன்று சேர்ப்பது நல்ல காரியத்துக்கு, இங்கே முழுத் தொகையாகவே வையுங்கள். உள்ளே ஒரு துண்டுச் சீட்டில் தொகையும், “அலுவலக நண்பர்கள்” என்றும் எழுதுங்கள். 15 பேரின் பெயரையும், யார் எவ்வளவு என்றும் எழுத வேண்டாம். மொய் என்பது திருப்பிச் செய்ய வேண்டிய கடன். பெயர் பெயராக எழுதிக் கொடுத்தால் உங்கள் ஒவ்வொருவர் வீட்டு விசேஷத்துக்கும் அவன் அந்தச் சீட்டை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். கவரை நண்பனின் அம்மா கையில் கொடுக்காதீர்கள், எல்லோர் முன்னாலும் அவன் கையில் திணிக்காதீர்கள். செலவைப் பார்க்கிற ஆளைத் தனியே கூப்பிட்டுக் கொடுங்கள்.

இப்போது புடவை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல எண்ணத்தில் செய்யப்படும் தவறுகளில் இதுதான் பெரியது. துக்க வீட்டுக்குப் புதுத்துணி கொண்டு வருவது உறவுமுறைக்கு உரியது. அதற்குக் கோடி என்று பெயர். எடுக்கும் அன்று இறந்தவருக்குச் சம்பந்தி வீட்டார் கொண்டு வருவது ஒன்று. பத்தாம் நாளோ 16-ஆம் நாளோ, கணவனை இழந்த பெண்ணுக்கு அவள் பிறந்த வீட்டார் கொண்டு வந்து போடுவது இன்னொன்று. யார் முதலில் போடுவது, யாருடையதை உடுத்துவது என்பதில் அண்ணன் தம்பிகளுக்குள்ளேயே சண்டை வந்த வீடுகள் உண்டு. தாலி கழற்றும் சடங்கோடு சேர்ந்தது அந்தப் புடவை. அப்படியிருக்க, ஐந்தாம் நாள் மகனின் அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் ஒரு புதுப்புடவையை நீட்டினால் அந்த அம்மாவுக்கு அது அன்பளிப்பாகத் தெரியாது. இன்னும் சில நாளில் வரப்போகும் ஒன்றை முன்கூட்டியே ஞாபகப்படுத்துவதாகத் தெரியும். வெள்ளையில் வாங்கினாலும் தப்பு, கலரில் வாங்கினாலும் தப்பு. இந்தக் காலத்தில் அந்தச் சடங்கையே வேண்டாம் என்று விட்டுவிடும் குடும்பங்கள் இருக்கின்றன, நல்லதுதான். ஆனால் உங்கள் நண்பன் வீடு எந்தப் பக்கம் என்று உங்களுக்குத் தெரியாது.

கம்பளி, ஸ்வெட்டர், சால்வை? குளிர் ஊர் என்பதால் யாருக்காவது இந்த யோசனை வரும். அதுவும் புதுத்துணிதான். தங்கியிருக்கும் சொந்தக்காரர்களுக்குப் போர்வை பற்றவில்லை என்று போனில் சொன்னார்கள் என்றால், பந்தல் சாமான் வாடகைக்கு விடும் கடையில் ஜமுக்காளம், போர்வை கிடைக்கும். அந்த வாடகையைக் கட்டுங்கள். பரிசாகக் கொடுக்காதீர்கள்.

மாலை, உடல் வீட்டில் இருக்கும்வரைதான். எடுத்த பிறகு பெரிய ரோஜா மாலையோடு போனால் அதைப் போட இடமில்லாமல் வாசலில் நிற்க வேண்டியிருக்கும். படத்துக்குப் போடும் அளவில் சின்னச் சம்பங்கிச் சரம் ஒன்றோ, கொஞ்சம் உதிரிப் பூவோ போதும். 15 பேரும் அதிலிருந்தே ஆளுக்கு இரண்டு பூ எடுத்துப் போட்டுக் கும்பிடலாம். பொக்கே வேண்டாம் என்றதற்குக் காரணம் மரபு மட்டுமல்ல. கோத்தகிரி பக்கம் பசுமைக்குடிலில் கார்னேஷன், ஜெர்பரா வளர்க்கிறார்கள், அந்தப் பூவையே ஜிகினாத் தாள் சுற்றி, ரிப்பன் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தால் வரவேற்புக்கு வந்த மாதிரி இருக்கும். கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் பேச்சு வேறு, அங்கே மலர்வளையம் பொருத்தம்தான், அதுவும் அடக்கத்துக்கு முன்.

படம் பற்றி: இந்த ஐந்து நாளில் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்துப் பெரிதாக்கி, தோற்றம் மறைவு தேதி போட்டு ஃபிரேம் செய்ய ஏற்கெனவே கொடுத்திருப்பார்கள். நீங்கள் அவன் வாட்ஸ்அப்பில் இருந்து எடுத்த படத்தோடு இன்னொரு ஃபிரேம் கொண்டுபோனால், எதை மாட்டுவது என்ற தர்மசங்கடம். தேதி தப்பாக அச்சாகியிருந்தால் இன்னும் மோசம். ஸ்டூடியோ செலவை ஏற்றுக்கொள்கிறோம் என்று கேட்டுப் பாருங்கள், சரி என்றால் செய்யுங்கள். கண்ணீர் அஞ்சலி பேனரில் கம்பெனிப் பெயரும் உங்கள் 15 பேர் முகமும் போடலாமா என்று யாராவது இந்நேரம் கேட்டிருப்பார்கள். வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

பழத்தில் ஆப்பிள், ஆரஞ்சு, மாதுளை எல்லாம் சரி. துணிப்பையில் போட்டுக் கொண்டுபோய்ச் சமையலறைப் பக்கம் வைத்துவிடுங்கள். தட்டில் அடுக்கக் கூடாது. பழத்தோடு தேங்காய், வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம் எதுவும் சேரக் கூடாது, சேர்ந்தால் அது தாம்பூலம். மளிகைச் சாமானில் மஞ்சள்தூளைக்கூட இந்த ஒரு முறை விட்டுவிடலாம், வீட்டில் இருக்கும். இனிப்பு, கேக், சாக்லேட் வேண்டாம். மல்லிகைப்பூ வேண்டாம், உங்களோடு வரும் பெண்களும் அன்று தலையில் நிறையப் பூ வைக்காமல் வருவது நல்லது. ஆன்லைனில் விற்கும் அனுதாபப் பெட்டி, அதாவது வாசனை மெழுகுவர்த்தி, வாழ்த்து அட்டை, உலர்பழம் எல்லாம் வைத்தது, நம் வீடுகளுக்கு அந்நியமானது. போதாததற்கு, தோட்டத்து முகவரிக்குப் பல சமயம் கூரியர் வராது. துக்கத்தில் இருக்கும் ஒருவனை “டவுனுக்கு வந்து வாங்கிக்கோங்க” என்று போன் போட்டுக் கூப்பிடுவார்கள்.

வழிப் பிரச்சினை ஒன்று. நீலகிரியில் பிளாஸ்டிக் பை, சின்னத் தண்ணீர் பாட்டில் எல்லாம் தடை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் வண்டியைப் பார்ப்பார்கள், பாட்டில் பெட்டியோடு போனால் பறிமுதலும் அபராதமும்தான். பழத்தைப் பிளாஸ்டிக் பையிலும், பூவைப் பாலிதீன் கவரிலும் வைக்காதீர்கள். வாழை இலையில் சுற்றிக் கேளுங்கள், மேட்டுப்பாளையம் பூக்கடையில் கட்டித் தருவார்கள். வேனுக்கு இ-பாஸ் வேண்டும், முந்தின நாளே அரசின் இ-பாஸ் தளத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். துக்கத்துக்குத்தானே போகிறோம் என்று சாவடியில் வாதாடிக்கொண்டு நிற்க வேண்டாம்.

இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். 15 பேர், ஞாயிற்றுக்கிழமை, மலை, வேன். திரும்பும்போது கோடநாடு காட்சிமுனை பக்கத்தில்தானே என்று யாராவது ஆரம்பிப்பார்கள். வேண்டாம். வர்க்கியும் சாக்லேட்டும் வாங்க வேண்டும் என்றால் துக்க வீட்டுக்குப் போய்வந்த பிறகு வாங்குங்கள், வண்டி சன்னலில் தெரிகிற மாதிரி அந்தப் பைகளோடு அவன் வீட்டு வாசலில் போய் நிற்காதீர்கள். அன்றைக்கு எடுத்த செல்ஃபி எதையும் அலுவலகக் குழுவில் போடாதீர்கள், அவனும் அந்தக் குழுவில் இருக்கிறான்.

டீ கொடுத்தால் குடியுங்கள். உடல் எடுத்தாகிவிட்டது, தவறில்லை. உங்களில் யாராவது துக்க வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்றால் அவரவர் வழக்கம், ஆனால் 15 பேரும் வேண்டாம் என்று மறுத்தால் அவர்களுக்கு மனசு சங்கடப்படும். கிளம்பும்போது “போயிட்டு வர்றோம்” என்று சொல்லாமல் எழுந்து வாருங்கள்.

இது தமிழ் இந்துக் குடும்பத்துக்குச் சொன்னது. நாளைக்கு வேறு வீட்டுக்குப் போக நேர்ந்தால் இதையே அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். முஸ்லிம் வீட்டில் பூவும் மாலையும் இல்லை, முதல் மூன்று நாள் சமைத்த சாப்பாடு அனுப்புவதுதான் முறை, அது ஹலாலாக இருக்க வேண்டும். கணவனை இழந்த பெண் நாலு மாதம் பத்து நாள் இத்தா என்ற காத்திருப்புக் காலத்தில் இருப்பார், ஆண்கள் அவரைப் பார்த்துப் பேசியாக வேண்டும் என்று நிற்கக் கூடாது. கத்தோலிக்கர் என்றால் அவர்கள் பங்குக் கோயிலில் இறந்தவர் பெயரில் ஒரு பூசைக்குக் காணிக்கை கட்டலாம், வீட்டில் மிகவும் மதிப்பார்கள். படுகர் என்றால் ஹட்டி, அதாவது அவர்கள் ஊர், முழுவதும் சேர்ந்து தாங்கும், வெளியார் கொண்டுபோகும் மளிகைக்கு அங்கே பெரிதாகத் தேவை இருக்காது. வெள்ளை உடுப்பில் போய், அந்த ஊர்க்காரர் ஒருவரைக் கேட்டு அவர் சொல்கிறபடி நடங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. இறந்த வருஷம் அந்த வீட்டில் தீபாவளி, பொங்கல் கொண்டாட மாட்டார்கள், எண்ணெய்ச் சட்டி வைத்துப் பலகாரம் சுட மாட்டார்கள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர்களும் நெருங்கியவர்களும் தங்கள் வீட்டில் சுட்டதைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள், அதை வாங்கிக்கொள்வார்கள். இப்போது வேண்டாம் என்று நான் தடுத்த அதே இனிப்பு அப்போது சரியான பொருள். அலுவலகத்தில் எல்லோருக்கும் தீபாவளிப் பெட்டி கொடுக்கும்போது, அவனுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று தயங்கி அவனை மட்டும் விட்டுவிடுவார்கள். அவனைத் தனியே கேட்டுவிட்டு, உங்களில் யாராவது ஒருவர் வீட்டு முறுக்கும் அதிரசமும் ஒரு டப்பாவில் போட்டு, அவன் ஊருக்குக் கிளம்பும் அன்று கொடுத்துவிடுங்கள்.